சென்னைக்காரருக்கும் கொல்கத்தா நேரம்

சென்னையில் உட்கார்ந்து லினக்ஸ் கணினியில் நேரத்தை அமைக்கப் போனால் பட்டியலில் சென்னை இருக்காது. டெல்லி, மும்பையும் கிடையாது. இந்தியா முழுவதற்கும் Asia/Kolkata என்ற பெயர்தான்.

ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, இப்போது பால் எக்கர்ட் பராமரித்துவரும் நேர மண்டலத் தரவுத்தளத்தின் வழக்கம் இது. பெரும்பாலான செல்போன்களும் சர்வர்களும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. 1970 முதல் கடிகாரம் ஒன்றுபோல ஓடும் பகுதியை ஒரு மண்டலமாக எடுத்துக்கொண்டு, அங்குள்ள பெரிய ஊர் ஒன்றின் பெயரை அதற்கு வைக்கிறார்கள். நாட்டின் பெயரை ஏன் வைப்பதில்லை? நாடு உடையும், எல்லை நகரும். 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது. மாஸ்கோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வைத்த பெயரை லேசில் மாற்றவும் மாட்டார்கள். மக்கள்தொகையில் ரோமை மிலான் கொஞ்சம் முந்தினாலும் Europe/Rome அப்படியே இருக்கட்டும் என்று அவர்களுடைய விதிக்குறிப்பே சொல்கிறது.

இடம் நகராவிட்டாலும் ஊரின் பெயர் மாறுகிறதே! கல்கத்தா 2001இல் அதிகாரபூர்வமாகக் கொல்கத்தா ஆனது. தரவுத்தளம் மாறியது 2008இல்தான். அரசாணை வந்தவுடன் அவர்கள் மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோரிடம் புதுப்பெயர் வேரூன்றும்வரை காத்திருப்பார்கள். உக்ரைன் தலைநகர் Europe/Kiev என்பதிலிருந்து Europe/Kyiv ஆக 2022 வரை பொறுக்க வேண்டியிருந்தது. இந்த நிதானம் அந்த ஊர்க்காரர்களுக்கு எரிச்சலூட்டும். ஆனால் பெயரை அடிக்கடி மாற்றினால் பாதிக்கப்படுவது ஊர் அல்ல, மென்பொருள்.

அதனால் பழைய பெயரை அழிப்பதும் இல்லை. புதுப்பெயரோடு ஒரு வரியில் கட்டிவிடுகிறார்கள்:

```
Link Asia/Kolkata Asia/Calcutta
```

எதைத் தட்டினாலும் ஒரே பதிவேடுதான் திறக்கும். (1870 முதல் 1905 முடிய அந்தப் பதிவேட்டில் இருப்பது மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி கூடுதல்!)

சிக்கல் வருவது, பெயரை வெறும் எழுத்தாகப் பார்க்கும் நிரலில். இந்தியப் பயனரின் மண்டலம் எது என்று கேட்டால் ஃபயர்பாக்ஸ் Asia/Kolkata என்று சொல்லும். குரோம் நெடுங்காலமாக Asia/Calcutta என்றே சொல்லிவந்தது. அது சார்ந்திருக்கும் யூனிகோட் பட்டியல், முதலில் பதிந்த அடையாளத்தை மாற்றுவதில்லை. ஒருவர் காலையில் ஒரு பிரவுசரிலும் மாலையில் இன்னொன்றிலும் நுழைந்தால், "நீங்கள் வேறு நேர மண்டலத்துக்கு வந்துவிட்டீர்களா?" என்று அந்த நிரல் கேட்கும். ஆள் நாற்காலியைவிட்டே எழுந்திருக்கமாட்டார்.

தலைகீழாகவும் நடக்கும். புதிய செல்போன் அனுப்பும் Europe/Kyiv, 2022க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத சர்வருக்குப் போனால், அப்படி ஒரு மண்டலமே இல்லை என்று பிழை காட்டும். பழைய Europe/Kiev இரண்டு பக்கமும் செல்லும். ஆகவே விவரமறிந்த நிரலாளர், எல்லா இயந்திரங்களும் புதுப்பிக்கப்படும்வரை வெளியே அனுப்புவது பழைய பெயரையே. ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் Link வரியின்படி ஒன்றாக்கிக்கொள்கிறார்.