துளையைப் பார்த்துப் பலகையைப் பிடி

பெட்டியில் வரும் அலமாரியை வீட்டிலேயே பூட்ட உட்காருபவர்கள் முதலில் தேடுவது ஸ்க்ரூ பாக்கெட்டைத்தான். தேட வேண்டியது தாளின் கடைசிப் படத்தை. பூட்டி முடித்த அலமாரி அதில் நிற்கும். எது முன்பக்கம், எந்த ஓரம் கண்ணில் படும் என்பதை அங்கே தெரிந்துகொண்டு முதல் படத்துக்கு வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐக்கியா போன்ற நிறுவனங்கள் ஒரே தாளைப் பல நாடுகளுக்கு அனுப்புவதால் அதில் எழுத்தே கிட்டத்தட்ட இருக்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் படமே சொல்லியாக வேண்டும். அதனால் அதில் வரைந்திருக்கும் ஒவ்வொரு துளைக்கும் அர்த்தம் உண்டு. இரண்டு பக்கப் பலகைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உண்மையில் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பின்பலகை நுழைவதற்காக ஓரத்தை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். துளைகள் மேலே தெரியும்படியும், அடிப்பகுதி உங்கள் பக்கம் வரும்படியும் இரண்டையும் அருகருகே தரையில் போடுங்கள். இரண்டு காடிகளும் உள்பக்கமாக வரும், அல்லது இரண்டும் வெளிப்பக்கமாக வரும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருந்தால், ஒரு பலகை தலைகீழாகக் கிடக்கிறது என்று பொருள். அடிப்பகுதி எது என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து முதல் துளை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று படத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த படத்துக்குப் போகும்போது அலமாரியைப் புரட்டச் சொல்லி வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது இதைத்தான். புரட்டியதும் இடது வலதாகிவிடும். அதனால் ‘இடது பலகை’ என்று மனதில் வைத்துக்கொள்ளாமல், ‘காடி இருக்கும் ஓரம்’ என்று வைத்துக்கொண்டால் எந்தப் படத்திலும் வழி தவறாது.

நடுத்தட்டில்தான் பிழை அதிகம் நடக்கும். அதன் ஒரு நீள ஓரத்தில் பட்டை ஒட்டியிருக்கும். எதிர் ஓரம் சில மாடல்களில் மரத்தூள் தெரிய மொட்டையாக இருக்கும். பட்டை உள்ள ஓரம் முன்னால் வர வேண்டும். தரையில் கிடத்திப் பூட்டும்போது தவறு உறுத்தாது. நிமிர்த்தி வைத்த பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் இரண்டாவது பக்கப் பலகை இறுகியிருக்கும். நடுத்தட்டை எடுக்க அதையும் கழற்றியாக வேண்டும்.

ஸ்க்ரூ விஷயத்தில், படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் ‘8x’ போன்ற குறியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எண் எந்த ஸ்க்ரூ என்று சொல்கிறது. ‘8x’ எத்தனை என்று சொல்கிறது. அந்தப் படிக்கு எட்டை மட்டும் எடுத்துத் தனியே வையுங்கள். முடிவில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒரு துளை விட்டுப்போயிருக்கிறது. ஒன்று குறைந்தால் வேறு துளைக்குப் போயிருக்கிறது. பல தாள்களில் ஸ்க்ரூவை உண்மை அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். கையில் இருப்பதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே போதும். மொபைலில் பார்க்கும் தாளுக்கு இது பொருந்தாது. அப்போது மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடுங்கள். சற்று நீளமான ஸ்க்ரூ மெல்லிய பலகையின் மறுபக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேம் லாக் என்ற வட்டப் பூட்டுக்கும் ஒரு முறை உண்டு. பக்கப் பலகையில் முறுக்கும் ஆணியின் தலை, தட்டின் ஓரத் துளை வழியாக இந்த வட்டத்துக்குள் வர வேண்டும். வட்டத்தின் முகத்தில் ஒரு சிறு அம்பு இருக்கும். அது அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் பெரிதாக்கிக் காட்டும் குமிழ் பெரும்பாலும் இதற்காகத்தான். பிறகு திருப்புளியால் ஏறக்குறைய அரைச் சுற்று வலப்பக்கம் திருப்பினால் இரண்டு பலகைகளும் ஒட்டிக்கொள்ளும். வட்டம் பிடிப்பே இல்லாமல் சுற்றினால் அம்பு திசை மாறியிருக்கும், அல்லது ஆணியைக் கழுத்துவரை முறுக்கியிருக்க மாட்டீர்கள். பலம் கொடுத்துத் திருகினால் துளை சிதைந்துவிடும். பார்ட்டிகிள் போர்டில் சிதைந்த துளை மறுபடி பிடிக்காது.

வரிசையை மாற்றக் கூடாததற்குப் பின்பலகைதான் முக்கியக் காரணம். காடியில் நுழையும் வகையானால், வழியை அடைக்கும் கடைசிப் பலகையைப் பூட்டுவதற்கு முன்பே அதைச் செருகியிருக்க வேண்டும். ஆணியடிக்கும் வகையானால் அலமாரி முதலில் மூலைமட்டத்துக்கு வர வேண்டும். 80 சென்டிமீட்டர் அகலமும் 202 உயரமும் உள்ள சட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் சுமார் 217 வரும். ஒன்று 218, மற்றது 216 என்றால் சட்டம் சாய்ந்திருக்கிறது. நீளமாக வரும் மூலைகளை மெல்ல உள்ளே அழுத்தி, இரண்டும் சமமானதும் ஆணி அடியுங்கள். அதன் பிறகு சாய்வை நிமிர்த்த ஒவ்வொரு ஆணியையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

சுவரோடு பிணைக்கும் பட்டைக்கான படம் தாளின் இறுதியில் இருக்கும். அதற்கான சுவர் ஸ்க்ரூவும் பிளக்கும் பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்காது. செங்கல்லா, கான்கிரீட்டா, ஜிப்சம் தடுப்பா என்பது வீட்டுக்கு வீடு மாறும். எந்தச் சுவர் என்று சொல்லி ஹார்ட்வேர் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். உயரமான அலமாரியில் குழந்தை ஏறித் தொங்கினால் அதை விழாமல் தடுப்பது அந்தப் பட்டைதான்.