கம்பியில் ஓடும் எழுத்தை நிறுத்திப் பார்க்க

ஆர்டுயினோ ஊனோ பலகையில் 1 என்று எண்ணிட்ட முனைக்குப் பக்கத்தில் TX என்று அச்சிட்டிருக்கும். பலகை வெளியுலகோடு பேசும் வாய் அதுதான். கீழே உள்ள சிறிய நிரலை ஏற்றினால், அந்த முனை வழியே 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை A என்ற ஒரே எழுத்து போய்க்கொண்டிருக்கும்.

```
void setup() {
  Serial.begin(9600);
}
void loop() {
  Serial.write('A');
  delay(20);
}
```

அந்த முனையில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 4.8 வோல்ட் என்று காட்டும். அளவு சரிதான். ஆனால் அதைப் பார்த்து அங்கே ஓர் எழுத்து போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் மல்டிமீட்டர் தருவது சராசரி. எழுத்து போய் முடிய ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகிறது. அந்த நேரத்துக்குள் மின்னழுத்தம் எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்பதைப் படமாக வரைந்து காட்டும் கருவி ஆசிலாஸ்கோப்.

கருவியை முதன்முதலாக இயக்குகிறவருக்கு அந்தப் படம் உடனே கிடைத்துவிடாது. திரையில் கோடுகள் இடமும் வலமுமாக ஓடும். ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும். அல்லது மூலைகள் மழுங்கிய ஒரு வடிவம் வந்து நிற்கும். பெரும்பாலும் பழுது கருவியிலும் இருக்காது, பலகையிலும் இருக்காது. புரோப், டைம்பேஸ், ட்ரிகர் ஆகிய மூன்றையும் சரியாக வைத்துவிட்டால் A அசையாமல் நிற்கும்.

திரையில் என்ன வரவேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வினாடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ வினாடி. எதுவும் பேசாதபோது TX முனை 5 வோல்ட்டில் இருக்கும். எழுத்து தொடங்குகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பிட் நேரம் பூஜ்யத்துக்கு இறங்கும். பிறகு எழுத்தின் எட்டு பிட்டுகள், கடைசி இலக்கம் முதலில் என்ற வரிசையில் வரும். A-க்கு உரிய எண் 65; இருமத்தில் 01000001. அதைப் பின்னாலிருந்து படித்தால் 1, பிறகு ஐந்து 0, பிறகு 1, 0. முடிவில் மீண்டும் ஒரு பிட் நேரம் 5 வோல்ட். ஆகவே திரையில் ஒரு சிறிய பள்ளம், ஒரு சிறிய மேடு, ஐந்து பிட் நீளத்துக்கு ஒரு பெரிய பள்ளம், மறுபடி ஒரு சிறிய மேடு, ஒரு சிறிய பள்ளம் என்று தெரியவேண்டும்.

புரோபிலிருந்து தொடங்கலாம். கருவியோடு வரும் சாதாரண புரோபில் 1X, 10X என்று ஒரு சிறிய தள்ளுவிசை இருக்கும். 10X நிலையில் அதன் நுனியில் 9 மெகா ஓம் மின்தடை சேர்கிறது. கருவியின் உள்ளே 1 மெகா ஓம் இருப்பதால், வரும் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். பதிலுக்கு, அளக்கப்படும் சுற்றின்மேல் புரோப் ஏற்றும் சுமை வெகுவாகக் குறைகிறது. எண்ணியல் சிக்னல்களுக்கு 10X-தான் ஏற்றது. சேனல் மெனுவிலும் 10X என்று சொல்லிவிட வேண்டும். மறந்தால் 5 வோல்ட் சிக்னலைத் திரை 0.5 வோல்ட் என்று காட்டும்.

மின்தடையோடு கதை முடிவதில்லை. புரோபின் கேபிளுக்கும் கருவியின் உள்ளீட்டுக்கும் சிறிதளவு மின்தேக்கம் உண்டு. வேகமாக மாறும் சிக்னல் மின்தடைகளைக் காட்டிலும் இந்த மின்தேக்கத்தின் வழியாகவே அதிகம் பங்கிடப்படுகிறது. அந்தப் பங்கீடும் சரியாகப் பத்தில் ஒன்றாக அமைந்தால்தான் மெதுவான மாற்றமும் வேகமான மாற்றமும் ஒரே அளவில் திரைக்கு வரும். இதைச் சரிசெய்யவே புரோபின் உடலிலோ இணைப்பானிலோ ஒரு சிறிய திருகு வைத்திருக்கிறார்கள். அந்தச் சரிசெய்தலின் பெயர்தான் காம்பென்சேஷன். கருவிக்குக் கருவி உள்ளீட்டு மின்தேக்கம் மாறும் என்பதால் தொழிற்சாலையிலேயே இதை முடித்து அனுப்ப வழியில்லை, பயன்படுத்துகிறவர்தான் செய்யவேண்டும்.

கருவியின் முகப்பில் ஒரு சிறிய உலோகக் கொக்கி இருக்கும். அதிலிருந்து வினாடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும் சதுர அலை வெளிவரும். புரோபின் நுனியை அதில் மாட்டி, கிரவுண்ட் கிளிப்பைப் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் முனையில் பிடிக்கவேண்டும். அலையின் மேல்பகுதி மேசைப்பலகைபோலத் தட்டையாக இருந்தால் வேலை முடிந்தது. ஏறியதும் மூலை மழுங்கி மெல்ல மெல்ல உயரத்தை எட்டினால் ஈடு போதவில்லை. மூலை கூராக மேலெழுந்து பிறகு தணிந்தால் ஈடு கூடிவிட்டது. இரண்டு திசையிலும் மெதுவாகத் திருகித் தட்டையான இடத்தில் நிறுத்தவேண்டும். புரோபோடு வரும் பிளாஸ்டிக் திருப்புளியையே பயன்படுத்துவது நல்லது. உலோகத் திருப்புளி அருகில் வந்தாலே மின்தேக்கம் மாறும்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நம் A-யிலேயே பார்க்கலாம். சாதாரண 10X புரோபில் இந்த மழுங்கல் தணிய எடுக்கும் கால அளவு ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடி. நம் ஒரு பிட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எனவே ஈடு போதாத புரோபில், ஐந்து பிட் நீளப் பள்ளம் கடைசியில் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். ஒற்றை பிட் மேடுகளோ 5 வோல்ட்டை எட்டும் முன்பே இறங்கிவிடும். பார்ப்பவர் பலகை வலுவிழந்துவிட்டது என்று நினைத்துத் தேவையில்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

புரோபை TX முனைக்கு மாற்றும்போது கிரவுண்ட் கிளிப் போகவேண்டிய இடம் பலகையின் GND. ஒன்றை மறக்கக்கூடாது. மேசைமேல் வைக்கும் ஆசிலாஸ்கோப்பில் அந்தக் கிளிப் உள்ளே சுவர் இணைப்பின் எர்த்தோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ள எந்தப் புள்ளியிலும் அதை மாட்டினால் ஷார்ட் ஆகும். கருவியும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

அடுத்தது டைம்பேஸ். திரையின் கிடைமட்டக் கட்டம் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்தைக் குறிக்கிறது என்பதை இந்த நாப் தீர்மானிக்கிறது. எழுத்து முழுவதும் பத்து பிட், அதாவது 1.04 மில்லி வினாடி. கட்டத்துக்கு 200 மைக்ரோ வினாடி என்று வைத்தால் பத்துக் கட்டத் திரையில் 2 மில்லி வினாடி அடங்கும். எழுத்து பாதித் திரையை நிரப்பி, இரு பக்கமும் இடம் விட்டு நிற்கும். செங்குத்தில் கட்டத்துக்கு 1 வோல்ட் போதும்.

டைம்பேஸை மிக மெதுவாக வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணியல் ஆசிலாஸ்கோப் சிக்னலைப் புள்ளி புள்ளியாகத்தான் சேமிக்கிறது. 2,500 புள்ளி நினைவகம் உள்ள எளிய கருவியில் கட்டத்துக்கு 50 மில்லி வினாடி என்று வைத்தால், அரை வினாடியை அந்தப் புள்ளிகளுக்குள் அடக்கவேண்டும். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 200 மைக்ரோ வினாடி இடைவெளி விழும். 104 மைக்ரோ வினாடி பிட்டுகள் அந்த இடைவெளிக்குள் காணாமல் போகும். திரையில் ஏதோ ஒரு வடிவம் வரும். ஆனால் அது உண்மையான சிக்னல் அல்ல. வேகமான அமைப்பில் தொடங்கிப் படிப்படியாக மெதுவாக்கினால் இந்த ஏமாற்றம் நேராது.

இனி ட்ரிகர். கருவி ஒரே படத்தைக் காட்டுவதில்லை; வினாடிக்குப் பலமுறை புதுப்புது படங்களை வரைகிறது. ஆடும் ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தைக் கடக்கும் நொடியில் படம்பிடித்தால், எல்லாப் படங்களிலும் ஊஞ்சல் அதே இடத்தில் இருக்கும். அந்த நொடியைக் கருவிக்குச் சொல்வது ட்ரிகர். 1947-இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 511 என்ற ஆசிலாஸ்கோப்பின் பெருமையே இதுதான்: சிக்னல் வந்து தொட்டால்தான் கோடு வரையத் தொடங்கும்.

ட்ரிகருக்கு இரண்டு தகவல் வேண்டும்: எந்த மின்னழுத்தத்தைக் கடக்கும்போது, எந்தத் திசையில் கடக்கும்போது. நம் சிக்னல் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே தாவுவதால் ட்ரிகர் அளவை நடுவில், 2.5 வோல்ட்டில் வைப்பது பாதுகாப்பு. 6 வோல்ட்டில் வைத்தால் சிக்னல் அதைத் தொடவே தொடாது. பூஜ்யத்துக்கோ 5-க்கோ மிக அருகில் வைத்தால் சிறிய இரைச்சலும் ட்ரிகரைத் தட்டிவிடும். திசை இறங்குமுகம், ஓய்வில் 5 வோல்ட்டில் இருக்கும் கம்பி, எழுத்து தொடங்கும்போது கீழேதான் இறங்குகிறது.

ஆட்டோ, நார்மல் என்ற இரு முறைகளின் வேறுபாட்டையும் இங்கே கவனிக்கவேண்டும். ஆட்டோவில், ட்ரிகர் சிறிது நேரம் வராவிட்டால் கருவி தானாகவே வரைந்துவிடும். ஓடும் கோடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நார்மலில் ட்ரிகர் வரும்வரை பழைய படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நிரலில் 20-க்குப் பதில் 1000 என்று மாற்றிப் பார்த்தால், ஆட்டோவில் A ஒரு கணம் மின்னி மறையும். நார்மலில் அப்படியே நிற்கும். ட்ரிகர் பிடித்துவிட்டதைத் திரையின் மேலே Trig'd அல்லது T'D என்ற எழுத்துகள் சொல்லும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் வரலாம். தொடக்க பிட்டைப் பெரிதாக்கிப் பார்க்க டைம்பேஸை 20 மைக்ரோ வினாடிக்கு மாற்றினால் படம் மறுபடி குழம்பும். A-க்குள் இறங்குமுகங்கள் மூன்று: தொடக்கத்தில் ஒன்று, இரண்டு மேடுகளின் முடிவில் ஒவ்வொன்று. இப்போது ஒரு படம் 200 மைக்ரோ வினாடியில் முடிந்துவிடுவதால், எழுத்து முடியும் முன்பே கருவி அடுத்த இறங்குமுகத்தைப் பிடித்து அதையும் தொடக்கம் என்று வரைந்துவிடுகிறது. ட்ரிகர் அளவை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது. மூன்று இறங்குமுகங்களும் ஒரே உயரத்தைத்தான் கடக்கின்றன. ட்ரிகர் மெனுவில் Holdoff என்ற அமைப்பை 5 மில்லி வினாடியாக வைக்கவேண்டும். ஒருமுறை ட்ரிகர் ஆனபின் அவ்வளவு நேரம் கருவி எதையும் கண்டுகொள்ளாது. அதற்குள் எழுத்து முடிந்து கம்பி ஓய்வுக்கு வந்துவிடும். அடுத்து வரும் இறங்குமுகம் அடுத்த எழுத்தின் தொடக்கமாகவே இருக்கும்.

படம் நின்றபின் கர்சர்களை ஒற்றை பிட்டின் இரு விளிம்புகளிலும் வைத்தால் 104 மைக்ரோ வினாடி என்று வரும். வேகம் தெரியாத ஏதாவது கருவியின் TX கம்பியிலும் இதே முறையில் மிகக் குறுகிய பிட்டை அளக்கலாம், 8.7 மைக்ரோ வினாடி என்று வந்தால் வேகம் 115200. ஆட்டோசெட் பொத்தானை நம்பி உட்காரவேண்டாம். தொடர்ந்து ஓடும் அலைகளுக்கு அது உதவும். இடைவெளி விட்டு வரும் இதுபோன்ற சிக்னல்களில் அது பலமுறை தவறும். புரோபை வேறு சேனலுக்கோ வேறு கருவிக்கோ மாற்றும்போதெல்லாம் காம்பென்சேஷனை மறுபடியும் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.