பாட்டியின் 555 நோட்டு

சென்ற மாதம் எங்கள் பாட்டி தமது 86ஆவது வயதில் காலமானார். சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லயத்து ஓரமாகத் தேநீர்க் கடை வைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு அடியில் பதினோரு 555 நோட்டுகள் இருந்தன. நம் ஊரில் கடன் கணக்கு எழுதிய அந்தச் சின்ன நோட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருப்பார்களா, தெரியவில்லை.

தாத்தா இறந்தது 1969இல். பெரியப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவர் பள்ளியை நிறுத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார். பாட்டி நான்கு தகரங்களை வேய்ந்து கடை போட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும். பெரட்டுக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் வந்து நிற்பார்கள். தேத்தூளைத் துணிப்பையில் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, சாயம் இறங்கியதும் பையைத் தூக்கிவிட வேண்டும். ஊறவிட்டால் கசந்துவிடும். ஒரு தூளுக்கு இரண்டு தண்ணீர்தான். மூன்றாவதில் நிறம் வரும், ருசி வராது என்பார். துணிப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ விடமாட்டார், வாடை தேநீரில் ஏறிவிடும் என்று. காலியான பால் டின்னில் கயிறு கட்டிக் கொடுத்தால் அதுதான் 'பார்சல்'.

தேநீர் போடுவது எளிது. தோட்டத்தில் கடை நடத்துவதுதான் கடினம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பால் குறையும், சம்பளமும் குறையும். ஆனால் தேநீர் குடிக்கிற பழக்கம் குறையாதே! அந்த மாதங்களில்தான் நோட்டின் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு கோப்பை 20 காசு. காலையும் மதியமும் குடிக்கும் ஒருவருக்கு 26 வேலை நாளில் 10 வெள்ளி 40 காசு ஆகிவிடும். பாக்கி பத்து வெள்ளியைத் தாண்டினால் பாட்டி யாரையும் கேட்டதில்லை. மறுநாள் அவர் கோப்பையில் பால் இருக்காது, அவ்வளவுதான். தே ஓ வரும். செலவெல்லாம் டின் பாலில்தான், தூளில் இல்லை. குடிக்கிறவருக்கும் புரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சம்பளத்தன்று வந்து பாதியாவது கட்டுவார். அடுத்த கோப்பை வெள்ளையாக இருக்கும். இதைவிட நாகரிகமான கடன் வசூலை நான் எந்த வங்கியிலும் பார்த்ததில்லை. (நான் வேலை செய்வது வங்கியில்!)

எல்லோரும் கட்டிவிடவில்லை. தோட்டம் மாறிப் போனவர்களின் பக்கங்கள் அப்படியே நிற்கின்றன. பாட்டி அவற்றைக் கிழிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

1978இல் அத்தைக்குப் பட்டணத்துப் பள்ளியில் ஆறாம் படிவத்தில் இடம் கிடைத்தது. சீருடை, புத்தகம், தங்கும் இடம் எல்லாம் சேர்த்து 180 வெள்ளி தேவைப்பட்டது. இலையுதிர் காலம். நோட்டில் வெளியே நின்றது 212 வெள்ளி, கையில் இருந்தது 40. கடைக்குப் பால் பெட்டி கொடுக்கும் தவுக்கேயிடமும் பாக்கி. மீதி 140 எங்கிருந்து வந்தது என்று அத்தைக்கே தெரியாது. "அம்மா எப்படியோ புரட்டினாங்க" என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்தார்.

ஏழாவது நோட்டில் விடை இருந்தது. ஒரு பக்கத்தில் மேலே 'பெரியவன்' என்று எழுதி, கீழே 140 என்று போட்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வாங்கப் பெரியப்பா சேர்த்து வைத்திருந்த பணம். அதன் கீழே மாதத்துக்கு ஒரு வரி, ஐந்து ஐந்து வெள்ளியாகக் கழித்திருக்கிறார். பதினோரு நோட்டிலும் பாட்டி கடன்காரராக இருக்கும் பக்கம் அது ஒன்றுதான்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "ஒத்தை ஆளா நின்னு நாலு பேரையும் கரையேத்திட்டாங்க" என்றார்கள். அத்தை ஆசிரியை; அப்பா அரசாங்க வேலை; சின்ன அத்தை தாதி. பெரியப்பா கடைசிவரை மரம்தான் வெட்டினார். அவர் அதை யாரிடமும் பேசியதில்லை. ஒற்றை ஆள் என்பது முழு உண்மையில்லை என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினார். இருபத்து மூன்று வரிகள்.

"மாசா மாசம் அஞ்சு வெள்ளி கொடுப்பாங்கப்பா. கைச்செலவுக்குன்னு நெனச்சேன். என் கல்யாணத்தோட நின்னுபோச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இன்னும் இருபத்தஞ்சு வெள்ளி வரணும் எனக்கு" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மற்ற பத்து நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. ஏழாவதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.