குக்கர் மூடி பறந்தா யாரு பொறுப்பு? "நாங்க வெறும் தளம்தான்"னு ஆன்லைன் கம்பெனி எப்போ சொல்லலாம், எப்போ சொல்ல முடியாது

போன வாரம் வீடியோல ஆன்லைன் பில்லை எப்படிப் படிக்கணும்னு சொல்லியிருந்தேன். அதுக்குக் கீழே நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "பொருள்ல கோளாறு இருந்தா அந்த ஆப் கம்பெனியைப் பிடிக்க முடியுமா சார்?" ஒரே வரில பதில் சொல்ல முடியாத விஷயம் இது. அதனால எழுத்துலயே போடறேன்.

வாழப்பாடில தையல் கடை வெச்சிருக்கற ஒரு அக்கா எனக்குப் பல வருஷமா க்ளையன்ட். போன வருஷம் ரிட்டர்ன் போட வந்தப்போ வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. "என்னக்கா ஆச்சு?"ன்னேன். "அதை ஏன் தம்பி கேக்கறீங்க, ஆன்லைன்ல ஆஃபர்ல வந்த குக்கரு"ன்னு ஆரம்பிச்சாங்க. 5 லிட்டர் அலுமினிய குக்கர், விலை 1,249 ரூபாய். மூணாவது மாசம் விசில் அடைச்சுக்கிச்சு. சேஃப்டி வால்வும் வேலை செய்யல. மூடி பறந்து, பருப்பு கையில கொட்டிடுச்சு. சேலம் ஆஸ்பத்திரில 9,640 ரூபாய் செலவு.

ஆப்ல புகார் போட்டிருக்காங்க. "நாங்கள் ஒரு இடைநிலைத் தளம் மட்டுமே, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்"னு பதில் வந்திருக்கு. விற்பனையாளர் நம்பருக்குப் போட்டா, அது உபயோகத்துலயே இல்ல. குக்கரை எடுத்துட்டு வரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஐஎஸ்ஐ முத்திரை எங்கயும் இல்ல.

"இடைநிலைத் தளம் மட்டுமே"ங்கற அந்த வார்த்தை சும்மா வந்தது இல்லீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சட்டப் பிரிவு இருக்கு.

நம்ம ஊர் வாரச் சந்தையை நினைச்சுக்கோங்க. குத்தகைக்காரர் இடம் கொடுக்கறார், கடைக்கு இவ்வளவுன்னு சுங்கம் வசூல் பண்றார். ஒரு கடைக்காரர் அழுகின தக்காளியை வித்தா, அதுக்குக் குத்தகைக்காரரைக் கேக்க மாட்டோம். இடம் கொடுத்ததோட அவர் வேலை முடிஞ்சுது. ஆனா அதே குத்தகைக்காரர் தக்காளியைத் தன் குடோன்ல வெச்சு, தன் பேர் போட்ட பையில கட்டி, காசைத் தானே வாங்கி, "இது நம்ம சந்தையோட முதல் தரம்"னு போர்டும் வெச்சா? அப்போ கேள்வி வேற மாதிரி ஆயிடுது.

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 79-வது பிரிவு இந்தக் குத்தகைக்காரருக்கான பாதுகாப்பு. அது இப்போ இருக்கற வடிவத்துக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு கைது. 2004 டிசம்பர்ல பாஸி டாட் காம் தளத்துல ஒருத்தர் ஆபாச வீடியோ ஒண்ணை விற்பனைக்குப் போட்டார்னு, அந்தத் தளத்தோட தலைவர் அவ்னீஷ் பஜாஜை டெல்லி போலீஸ் கைது பண்ணாங்க. போட்டது யாரோ, மாட்டினது நடத்துனவர். இது பெரிய விவாதமாகி, 2008-ல சட்டத்தைத் திருத்தி 79-வது பிரிவை மாத்தி எழுதினாங்க.

திருத்தின பிரிவு சுருக்கமா சொல்றது இதுதான். மூணாம் நபர் போட்ட தகவலுக்குத் தளம் பொறுப்பு இல்ல, ஆனா சும்மா இல்ல. தளம் தானா அந்தத் தகவலை அனுப்பத் தொடங்கியிருக்கக் கூடாது, யாருக்குப் போகணும்னு தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, உள்ளடக்கத்தை மாத்தியிருக்கக் கூடாது. அரசு வகுத்த விதிகள்படி உரிய கவனத்தோட நடந்திருக்கணும். அதோட, சட்ட விரோதமான செயலுக்கு உடந்தையாவோ தூண்டுதலாவோ இருந்தாலும், விஷயம் தெரிஞ்ச பிறகும் சீக்கிரம் நீக்காம விட்டாலும் பாதுகாப்பு போயிடும்.

இதுல "தெரிஞ்ச பிறகும்"ங்கற வார்த்தைல ஒரு சிக்கல். 2015-ல ஸ்ரேயா சிங்கால் வழக்குல சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஒரு அர்த்தம் கொடுத்தது: கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தாத்தான் தளத்துக்குத் "தெரிஞ்சது"ன்னு எடுத்துக்கணும். நீங்களும் நானும் கஸ்டமர் கேர்ல கத்தினது மட்டும் அந்தக் கணக்குல வராது. நிறைய பேர் "நான்தான் முன்னாடியே சொன்னேனே"ன்னு இங்கதான் தடுக்கி விழறாங்க.

அப்புறம், தளம் சுறுசுறுப்பா விற்பனைல கலந்துக்கிட்டா பாதுகாப்பு தானா போயிடுமா? 2018-ல டெல்லி ஹைகோர்ட் கிறிஸ்டியன் லூபுட்டான் செருப்பு வழக்குல கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. பேக்கிங், குடோன், விளம்பரம், உத்தரவாதம்னு பல வேலைகளைப் பட்டியல் போட்டு, இதெல்லாம் செய்யறவர் வெறும் இடைநிலையாளரான்னு கேட்டது. ஆனா 2020 ஜனவரில ஆம்வே - அமேசான் வழக்குல அதே ஹைகோர்ட்டோட டிவிஷன் பெஞ்ச், சுறுசுறுப்பான தளம், சும்மா இருக்கற தளம்னு 79-வது பிரிவு பிரிக்கவே இல்லையேன்னு சொல்லிடுச்சு. அதனால "அவங்க குடோன்ல இருந்துதான் வந்துச்சு, அதனால அவங்கதான் பொறுப்பு"ன்னு மட்டும் வாதாடினா போதாது.

சரி, அப்போ அக்காவுக்கு வழியே இல்லையா? இருக்கு. அதுக்கு குக்கர் கதைக்கே வரணும்.

வீட்டு பிரஷர் குக்கருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-ல வந்தது, 2021 பிப்ரவரி 1-ல இருந்து அமல். அன்னைல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவுல விக்கறதே குற்றம். அதுக்கு அப்புறமும் ஆன்லைன்ல முத்திரை இல்லாத குக்கர் ஓடிட்டே இருந்தது. 2022 ஆகஸ்ட்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரெண்டு பெரிய தளங்கள் மேல உத்தரவு போட்டது. அமேசான் மூலமா போனது 2,265 குக்கர், ஃப்ளிப்கார்ட் மூலமா 598. ரெண்டு பேருக்கும் தலா 1 லட்சம் அபராதம். வாங்கின ஒவ்வொருத்தருக்கும் தகவல் சொல்லு, குக்கரைத் திரும்ப எடு, பணத்தைக் கொடுன்னு உத்தரவு.

ஆடிட்டரா எனக்கு இந்த உத்தரவுல பிடிச்ச இடம், ஆணையம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாத்ததுதான். இந்த 2,265 குக்கர்ல அமேசானுக்கு வந்த கட்டண வருமானம் 6,14,825 ரூபாய். ஒவ்வொரு விற்பனைலயும் வருமானம் பாத்துட்டு, பிரச்சனைன்னா மட்டும் ஒதுங்க முடியாதுன்னாங்க. ஃப்ளிப்கார்ட் விஷயத்துல, ஒவ்வொரு பில்லுலயும் "Powered by Flipkart"னு இருக்கறதையும், விற்பனையாளர்களை கோல்டு, சில்வர், பிரான்ஸ்னு பிரிச்சு வெச்சிருக்கறதையும் எடுத்துக் காட்டினாங்க.

இதையே முடிவான தீர்ப்புன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு கம்பெனியும் டெல்லி ஹைகோர்ட் போனாங்க. அமேசான் வழக்குல கோர்ட், அபராதத்தை டெபாசிட் பண்ணச் சொல்லி, வாங்கினவங்களுக்குத் தகவல் அனுப்பவும் சொன்னது. ஆணையத்தோட நிலைப்பாடு நமக்கு பலம், ஆனா கடைசி வார்த்தை இல்ல.

என் கருத்துல நமக்கு இருக்கற பெரிய பிடி வேற. 79-வது பிரிவு பாதுகாக்கறது மூணாம் நபரோட "தகவலை". குக்கர் தகவல் இல்ல, பொருள். ஒரு விளம்பரம் பொய்யா இருந்தா அந்தப் பாதுகாப்பைப் பத்திப் பேசலாம். கை வெந்ததுக்கு நஷ்டஈடு கேக்கறது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற பொருள் பொறுப்பு அத்தியாயம், அது தனி. அதுல 86-வது பிரிவு, தயாரிக்காத விற்பனையாளர் கூட எப்பெல்லாம் பொறுப்புன்னு சொல்லுது. அதுல ஒண்ணு, தயாரிப்பாளர் யாருன்னே தெரியலைன்னாலோ, தெரிஞ்சும் நோட்டீஸ் சேர்க்க முடியலைன்னாலோ. "விற்பனையாளர்"ங்கறதுக்கான விளக்கமும் அகலமானது. பேக் பண்றவர், சந்தைப்படுத்தறவர்னு போகுது. தளம் அதுக்குள்ள வருமா வராதாங்கறதுதான் சண்டையே.

இன்னொரு பிடி, 2020 ஜூலைல வந்த மின் வணிக விதிகள். சந்தைத் தளம் 79-வது பிரிவு பாதுகாப்பைக் கேக்கணும்னா அந்தப் பிரிவோட நிபந்தனைகளைப் பின்பத்தியிருக்கணும்னு 5-வது விதி நேரா சொல்லுது. விற்பனையாளர் பேர், முகவரி, தொடர்பு எண் இதையெல்லாம் காட்டணும். வாங்கினவர் எழுத்துல கேட்டா, வழக்குப் போடற அளவுக்கு விற்பனையாளர் விவரம் கொடுக்கணும். புகார் வந்த 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டோம்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்.

இப்போ நாங்க செஞ்சதைச் சொல்றேன். முதல்ல பில்லை எடுத்தோம். விற்பனையாளர் ஜிஎஸ்டி எண் 07-ல ஆரம்பிச்சது, அதாவது டெல்லி. ஜிஎஸ்டி தளத்துல "Search Taxpayer"ல போட்டா பதிவு ரத்துன்னு காட்டிச்சு. பொருள் மேல தயாரிப்பாளர் பேரே இல்ல. அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்தோம். குக்கரைத் தேய்ச்சுக் கழுவிடாதீங்கன்னு அக்காகிட்ட சொன்னேன், அதுதான் சாட்சி.

அப்புறம் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு, சாட்ல இல்ல, மெயில்லயும் பதிவுத் தபால்லயும் ஒரு கடிதம். விற்பனையாளர் விவரம் கொடுங்கன்னு கேட்டோம். "எங்ககிட்ட இருக்கற விவரம் இவ்வளவுதான்"னு பதில். இங்கதான் நம்ம தொழில் கை கொடுத்தது. ஜிஎஸ்டி சட்டம் 52-வது பிரிவுப்படி, விற்பனையாளருக்குப் போற பணத்துல தளம் வரி பிடிச்சு (இப்போ 0.5 சதவீதம்), மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-8 போடணும். அதுல ஒவ்வொரு விற்பனையாளர் ஜிஎஸ்டி எண்ணும் வரும். அவங்க பேங்க் அக்கவுன்டுக்குப் பணம் அனுப்பினதும் இவங்கதான். ஆள் யாருன்னே தெரியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ரெண்டாவது கடிதத்துல இதை எழுதினோம். பத்து நாள்ல 1,249 ரூபாய் ரீஃபண்ட் வந்துடுச்சு, "நல்லெண்ண அடிப்படையில்"னு குறிப்போட.

ஆஸ்பத்திரிப் பணம் வரல. இது ரெண்டு தனித்தனி கேள்வி. விலையைத் திருப்பித் தர்றது குறைபாடுள்ள பொருளுக்கு. காயத்துக்கான நஷ்டஈடு பொருள் பொறுப்புல வர்றது. ரீஃபண்ட் வந்துடுச்சுன்னு ரெண்டாவதை விட்டுடாதீங்க. "முழுமையான தீர்வாக ஏற்கிறேன்"னு ஏதாவது பட்டன் வந்தா அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க.

அதனால சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டோம். டெல்லி போகத் தேவையில்ல. 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். விற்பனையாளர் முதல் எதிர்மனுதாரர், தளம் ரெண்டாவது. ஐஎஸ்ஐ கட்டாயமான பொருளை முத்திரை இல்லாம பட்டியல்ல விட்டது உரிய கவனம் இல்லைங்கறதுதான் நம்ம முக்கிய வாதம். கோர்ட் உத்தரவு வந்தாத்தான் தெரியும்னு அவங்க சொல்வாங்க. கெஜட்ல வந்த ஆணை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நாம கேக்கறோம்.

நம்ம பக்கம் ஆன்லைன்ல விக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆணையம் தளத்தைப் பிடிச்சா, தளம் உங்களோட போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி அந்தத் தொகையை உங்க செட்டில்மென்ட்ல பிடிச்சுக்கும். நஷ்டத்தை விற்பனையாளர் ஈடு கட்டணும்ங்கற ஷரத்து இந்த ஒப்பந்தங்கள்ல வழக்கமா இருக்கறதுதான். குக்கர், ஹெல்மெட், பொம்மை மாதிரி ஐஎஸ்ஐ கட்டாயமான பொருள்னா, சப்ளையர்கிட்ட CM/L எண்ணை வாங்கி, BIS Care ஆப்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் லிஸ்ட் பண்ணுங்க.

அக்கா வழக்குல தளம் பதில் மனு போட்டுடுச்சு. முதல் பாராவுலயே 79-வது பிரிவு. விற்பனையாளருக்கு அனுப்பின நோட்டீஸ் "முகவரியில் ஆள் இல்லை"ன்னு திரும்பி வந்திருக்கு. அந்தக் கவரைப் பிரிக்காம அப்படியே ஆவணமா தாக்கல் பண்ணியிருக்கோம், 86-வது பிரிவுக்கு அதுதான் வேணும். அடுத்த வாய்தா முடிஞ்சதும் வீடியோல சொல்றேன்.