கொப்பரை விலையா, எண்ணெய் விலையா: எண்ணெய் மில்லின் லாபத்தை எது ஆட்டுகிறது?

காங்கேயம் பக்கம் ஒருவர் தேங்காய் எண்ணெய் மில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 1.5 கோடி ரூபாய். ஆண்டுக்கு 600 டன் எண்ணெய், அதாவது 6 லட்சம் கிலோ. கிலோ 200 ரூபாய்க்கு விற்கலாம் என்று எதிர்பார்க்கிறார்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பரை வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால் 192 ரூபாய். ஆட்டவும் அடைக்கவும் நாலரை ரூபாய். புண்ணாக்கு விற்று வருவது 16.50 ரூபாய். கூட்டிக் கழித்தால் அடக்கம் 180 ரூபாய், கிலோவுக்கு 20 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 1.2 கோடி. அதில் சம்பளம், வாடகை, பராமரிப்பு என்று 70 லட்சம் போக, 50 லட்சம் கையில் நிற்கும். இவை கணக்கு எளிதாக விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். வரியையும் நடைமுறை மூலதனத்தையும் இங்கே சேர்க்கவில்லை.

ஐந்து ஆண்டுகளில் வரும் இந்த 50 லட்சங்களை 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 1.80 கோடி. முதலீட்டைக் கழித்தால் 30 லட்சம் மிச்சம். இதுதான் நிகர இன்றைய மதிப்பு, சுருக்கமாக என்.பி.வி. பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் மில்லைத் தொடங்கலாம் என்கிறது கணக்கு.

கடன் கேட்டுப் போனால், எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதுதான் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். வழக்கமாக 10 சதவீதம்.

விற்பனை அளவு 10 சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 12 லட்சம் போகிறது. என்.பி.வி 30 லட்சத்திலிருந்து மைனஸ் 13 லட்சத்துக்கு இறங்குகிறது. கொப்பரையும் ஆட்டும் செலவும் சேர்ந்த அடக்கம் 10 சதவீதம் ஏறினால், மைனஸ் 3.6 கோடி. எண்ணெய் விலை 10 சதவீதம் இறங்கினாலோ மைனஸ் 4 கோடி. விலை முதலிடம், அடக்கம் இரண்டாமிடம், விற்பனை அளவு வெகுதூரம் பின்னால். பெரிய பட்டையை மேலேயும் சிறியதைக் கீழேயும் அடுக்கிப் படமாகப் போட்டால் புனல் மாதிரி வரும். டொர்னேடோ வரைபடம் என்பது இதுதான்.

இந்த வரிசைக்காக எந்த மில்லையும் ஆராயத் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. விலை 10 சதவீதம் இறங்கினால் 12 கோடி ரூபாய் விற்பனையில் 1.2 கோடி அப்படியே காணாமல் போகும், செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. விற்பனை அளவு 10 சதவீதம் குறைந்தால், வாங்காத கொப்பரைக்கான பணமும் மிச்சமாகும். இழப்பது கிலோவுக்கு அந்த 20 ரூபாய் மட்டுமே. எந்தத் தொழிலானாலும் சம சதவீதத்தில் பார்த்தால் விலைதான் விற்பனை அளவை முந்தும். மிச்சம் மெலிதாக இருக்கும் தொழிலில் அந்த இடைவெளி பூதாகரமாகத் தெரியும். நம் மில்லில் எண்ணெய் விலை கிலோவுக்கு 1 ரூபாய் 40 காசு இறங்கினாலே என்.பி.வி பூஜ்யமாகிவிடும். கொப்பரை கிலோவுக்கு 87 காசு ஏறினாலும் அதே கதிதான். விற்பனை அளவு மட்டும் 7 சதவீதம் வரை குறையலாம்.

87 காசு என்பது கொப்பரை ஏலத்தில் ஒரே வாரத்தில் வந்துபோகும் வித்தியாசம். அப்படியானால் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஒரு மில்லும் மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சியிருக்கின்றன. ஆகவே கணக்கு போட்ட விதத்தில்தான் கோளாறு.

கொப்பரையும் எண்ணெயும் தனித்தனியாக ஏறி இறங்குவதில்லை. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டின் நடுவில் சந்தை விலை 20,000 ரூபாயைத் தாண்டியது. கூடவே எண்ணெயும் ஏறியது. ‘மற்றவை மாறாமல் இருக்க’ என்ற நிபந்தனையை இந்தச் சந்தை ஒருநாளும் மதிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே 10 சதவீதம் இறக்கிப் பாருங்கள். எண்ணெய் 180 ரூபாய், கொப்பரை 108 ரூபாய். மிச்சம் 20 ரூபாயிலிருந்து 19.20-க்கு மட்டுமே இறங்குகிறது. என்.பி.வி சுமார் 13 லட்சம், இன்னும் லாபத்தில்தான் இருக்கிறது. மைனஸ் 4 கோடி என்று பயமுறுத்திய பட்டை இப்போது 17 லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆகவே இரண்டு விலைகளையும் தனித்தனி வரிகளாகப் போடாமல், அவற்றுக்கு இடையே நிற்கும் மிச்சத்தை ஒரே வரியாகப் போட வேண்டும். அது 18 ரூபாய் 60 காசுக்குக் கீழே போகாதவரை மில் தாங்கும். அது எப்போது கீழே போகும்? கொப்பரையை வாங்கி ஆட்டி விற்பதற்குள் சந்தை இறங்கும்போது. கிட்டங்கியில் 40 டன் கொப்பரை இருக்கிறது, அதாவது 25 டன் எண்ணெய். அது விற்று முடிவதற்குள் எண்ணெய் கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால் 2.5 லட்சம் போச்சு. ஈடுகட்ட ஏற்றம் எதுவும் வராமல் ஒரே ஆண்டில் நாலு முறை இப்படி நடந்து, அதுவே ஆண்டுதோறும் தொடர்ந்தால் என்.பி.வி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

விற்பனை அளவையும் நியாயமாகச் சோதிக்க வேண்டும். விலையையும் அளவையும் ஒரே 10 சதவீதத்தில் அளப்பது பார்க்கச் சமமாக இருந்தாலும், நடப்பில் அவை ஒரே அளவு ஆடுவதில்லை. ஏற்கெனவே மில்கள் நிறைந்த ஊரில் புதிதாக வருபவருக்குக் கடைகளைப் பிடிக்கவே நாளாகும். நினைத்ததில் 70 சதவீதம்தான் விற்றது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஐந்தாண்டும் அதே நிலை நீடித்தால் என்.பி.வி மைனஸ் 1 கோடி. புனலின் அடியில் கிடந்த விற்பனை அளவு மேலே வந்துவிட்டது.

பட்டியலில் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. 1.6 கிலோ கொப்பரைக்கு 1 கிலோ எண்ணெய் என்றால் பிழிவு 62.5 சதவீதம். இதை யாரும் அசைத்துப் பார்ப்பதில்லை. அரவைக் கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கொள்முதல் விதி. களத்தில் சரியாகக் காயாத கொப்பரையை வாங்கினால் நீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். பிழிவு 61 சதவீதமாக இறங்கியது என்று வையுங்கள். கூடுதலாகத் தேவைப்படும் கொப்பரையில், கூடுதல் புண்ணாக்கு வரவு போக, கிலோ எண்ணெய்க்கு மூன்றரை ரூபாய் போகிறது. என்.பி.வி மைனஸ் 46 லட்சம். ஒன்றரைப் புள்ளி இறக்கம், விற்பனை 10 சதவீதம் குறைவதைவிட அதிகமாக அடிக்கிறது. சந்தை விலையை மில்காரர் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் லோடு இறங்கும்போது ஈரமானியை வைத்துப் பார்த்து விலையைக் குறைக்கலாம், அல்லது லோடைத் திருப்பி அனுப்பலாம்.

கொப்பரையைச் சொந்தமாக வாங்காமல் கூலிக்கு மட்டும் ஆட்டிக் கொடுத்தால் படமே மாறிவிடும். எண்ணெய் விலை, கொப்பரை விலை, பிழிவு மூன்றும் கொப்பரைக்காரரின் கவலையாகிவிடும். மில்லுக்கு மிஞ்சுவது கூலி வீதமும், ஆண்டுக்கு எத்தனை டன் ஆட்டக் கிடைக்கும் என்ற கேள்வியும்தான்.