பன்னிரண்டு மாதம் கெடாத சாம்பார் சாதம்

மளிகைக் கடை அலமாரியில், ஃபிரிட்ஜ் இல்லாமலே நிற்கிறது சாம்பார் சாதம் பாக்கெட். முன்பக்கத்தில் ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை’. பின்பக்கத்தில் ‘12 மாதம் வரை’. இரண்டில் ஒன்று பொய் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

உணவைப் பையில் நிரப்பி, காற்றுப் புகாமல் ஒட்டிய பிறகே ‘ரிட்டார்ட்’ என்ற பெரிய அழுத்தக்கலனில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். வீட்டுக் குக்கரிலும் ஏறக்குறைய அதே சூடுதான். ஆனால் குக்கரைத் திறந்ததுமே வெளிக் கிருமிகள் உள்ளே வந்துவிடும். இங்கே அதற்கு வழியில்லை. ரசாயனம் செய்ய வேண்டிய வேலையைச் சூடும் பையும் செய்து முடிக்கின்றன.

பைக்கு இதில் எவ்வளவு பங்கு? ஜப்பானில் 1968-ல் வந்த ‘பான் கறி’யின் முதல் பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கோடையில் 2 மாதம்தான் தாங்கியது. மறு ஆண்டு அலுமினியத் தாள் அடுக்கைச் சேர்த்ததும் ஆயுள் 2 ஆண்டானது. அதே தாள்தான் பையை மைக்ரோவேவில் அப்படியே வைக்கக்கூடாது என்பதற்கும் காரணம், தீப்பொறி பறக்கும். பிரிக்காத பையைக் கொதிநீரில் சில நிமிடம் போடலாம், அல்லது கிண்ணத்தில் கொட்டிச் சூடாக்கலாம். உணவு ஏற்கெனவே வெந்ததுதான்; சூடாக்குவது பெரும்பாலும் ருசிக்காக.

பையைப் பிரித்துவிட்டால் அந்த 12 மாதக் கணக்கு செல்லாது. மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, பாக்கெட்டில் சொன்ன கெடுவுக்குள் தின்று தீர்க்க வேண்டும். பிரிசர்வேட்டிவ் இல்லாததால் அது வீட்டுச் சமையலைப் போலத்தான் கெடும்.

முன்பக்க வாசகத்தைச் சரிபார்க்கச் சேர்மானப் பட்டியல் போதும். சோடியம் பென்சோயேட் (211), பொட்டாசியம் சார்பேட் (202) போன்றவை இருந்தால் வாசகம் பொய். 330 என்றால் சிட்ரிக் அமிலம், பெரும்பாலும் புளிப்புக்காக. உப்பு எவ்வளவு என்பதைப் பற்றி அந்த வாசகம் ஒன்றுமே சொல்வதில்லை. அதைச் சத்து அட்டவணையில், சோடியம் வரியில் தேட வேண்டும்.

பார்க்க இதேபோல் இருக்கும் எல்லாப் பைகளும் ரிட்டார்ட்டில் வெந்தவை அல்ல என்பதுதான் உண்மையான ஆபத்து. 2012-ல் ஜப்பானின் டோட்டோரி மாகாணத்தில், குளிரூட்டி வைக்க வேண்டிய வெற்றிடப் பொட்டலத்து அடுக்கி பயறு உணவைச் சாப்பிட்ட இருவருக்கு பொட்டுலிசம் என்ற கடும் நஞ்சேற்றம் வந்தது. காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். ‘குளிரூட்டி வைக்கவும்’ என்ற ஒற்றை வரி எங்கே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று வாங்கும்போதே தேடிப் பார்ப்பது நல்லது. ரிட்டார்ட் பையே ஆனாலும், உப்பியிருந்தாலோ ஒட்டிய ஓரத்தில் கசிவு தெரிந்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்காமல், பிரிக்காமலே குப்பையில் போட வேண்டும்.