முதல் அரை மணி நேரம்

மாணவர் ஹேக்கத்தான்களில் சண்டை பரிசு அறிவித்த பிறகுதான் வெடிக்கும். "எங்களோடதுதான் சார் நிஜமாவே ஓடிச்சு. அவங்க வெறும் ஸ்லைடு காட்டினாங்க. அவங்களுக்கு எப்படி சார் ஃபர்ஸ்ட்?" என்று இரண்டு இரவு தூங்காத கண்களோடு ஒரு மாணவர் நிற்பார். நடுவர் மழுப்புவார், ஒருங்கிணைப்பாளர் சமாதானம் சொல்வார். அந்த மாணவர் தோற்றதற்குக் காரணம் நடுவராக இருக்கலாம், அணியாகவும் இருக்கலாம். ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது அவருக்கு முதல் நாள் காலையிலேயே தெரிந்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

1999-ல் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதும் நிரலாளர்கள் சிலர் கூடி உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஹேக்கத்தான் என்ற பெயரில் நடந்த முதல் கூட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அங்கே பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. என்ன வேலை என்பது வந்தவர்களுக்கே தெரியும் என்பதால் தொடக்க விழாவுக்கும் தேவை இருக்கவில்லை. இன்று நம் ஊர் மாணவர்களுக்குத் தெரிந்த ஹேக்கத்தான் அப்படிப்பட்டதல்ல. 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் கொண்ட அணி, அதில் ஒரு மாணவியாவது இருக்க வேண்டும், மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். கேள்விகளைத் தருபவர்கள் அமைச்சகங்களும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும். அங்கே போவதற்குமுன் கல்லூரிக்குள்ளேயே ஒரு தேர்வுச் சுற்று நடக்கும். பரிசு, நடுவர், விதி எல்லாம் வந்துவிட்ட பிறகு, அவற்றை எடுத்துச் சொல்லும் தொடக்கமும் போட்டியின் ஒரு பகுதிதான்.

நடப்பில் அந்த நேரத்தை விழுங்குவது வரவேற்புரையும் குத்துவிளக்கும் பொன்னாடையும். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசி முடிக்கும்போது, மாணவர்கள் மேசைக்கு அடியில் ஜங்ஷன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒருவர் வந்து தலைப்பு, விதி, வழிகாட்டிகள், மதிப்பெண் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு "ஆல் தி பெஸ்ட்" சொல்வார். நானாக இருந்தால் விருந்தினர் உரையைப் பரிசளிப்புக்குத் தள்ளிவிடுவேன், காலையில் அரை மணி நேரம் இந்த நான்குக்கு மட்டும். வைஃபை பாஸ்வேர்டை அந்த அரை மணி முடியும்வரை காட்ட மாட்டேன். அது திரையில் வந்த நொடியே அரங்கில் ஒரு காதுகூட மிஞ்சாது.

தலைப்பில் தொடங்குவோம். "இந்த வருட தீம்: தண்ணீர்" என்று அறிவித்தால் கைதட்டல் வரும். பிறகு முதல் நான்கு மணி நேரம் எந்தப் பிரச்சினையை எடுப்பது என்ற பேச்சிலேயே போகும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பேரூராட்சி குடிநீர் லாரி எப்ப வரும்னு தெருவுல இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே தெரியறதில்ல. குடத்த வச்சுக்கிட்டு வாசல்லயே காத்திருக்காங்க. டிரைவர்கிட்ட இருக்கறது பட்டன் போன். லாரிய விட்டு இறங்கி எதையும் டைப் பண்ண அவருக்கு நேரம் கிடையாது. போன மாசத்து டிரிப் ஷீட்ட ஒரு எக்செல் கோப்பா உங்களுக்குக் கொடுத்திருக்கோம்." இதில் தலைப்பு மட்டும் இல்லை. யாருக்குக் கஷ்டம், எங்கே, கையில் என்ன தரவு இருக்கிறது, எதைக் கொண்டு தீர்க்கக் கூடாது என்பது எல்லாம் இருக்கிறது. பட்டன் போன் என்ற ஒரே சொல், ஓட்டுநரின் ஸ்மார்ட்போன் ஜிபிஎஸ்ஸை நம்பி எழுதப்படும் செயலிகளை அங்கேயே நிறுத்திவிடும். யோசிக்கிற அணி மிஸ்டு கால் பக்கம் திரும்பும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு எண், ஓட்டுநர் தெருமுனைக்கு வந்ததும் அழைத்துத் துண்டிக்கிறார், பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. இதை 24 மணி நேரத்தில் ஓடவைத்துக் காட்ட முடியும். தலைப்பைச் சரியாகச் சொன்னோமா என்று அறிய ஒரு வழி உண்டு. சொல்லி முடித்த ஒரு மணி நேரம் கழித்து மேசைகளைச் சுற்றி வாருங்கள். பேச்சு லாரியையும் ஓட்டுநரையும் பற்றி இருந்தால் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். "எந்த ஆப்பு பண்ணலாம்" என்பதிலேயே நின்றிருந்தால் மைக்கை மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

விதிகளில் பெரும்பாலானவற்றைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். அணியில் எத்தனை பேர், ஓ.டி. கடிதம் யாரிடம் வாங்குவது, இரவில் மாணவிகள் ஓய்வெடுக்க எந்த அறை, அங்கே பொறுப்பாசிரியை யார், எதிலாவது சிக்கல் என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது போன்றவை அவை. கடைசி இரண்டை மட்டும் மேடையிலும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. மேடையில் நின்று விளக்கியே ஆக வேண்டிய விதி ஒன்று இருக்கிறது: முன்பே எழுதிய நிரலைக் கொண்டுவரலாமா?

எந்த ஹேக்கத்தானிலும் இந்தக் கேள்வியோடு ஒரு கை தூக்கும். "சார், போன செமஸ்டர்ல மினி ப்ராஜெக்ட்டுக்கு எழுதின லாகின் பேஜ் இருக்கு, அத யூஸ் பண்ணலாமா?" அவர் ஏமாற்றப் பார்ப்பவர் அல்ல. ஏமாற்ற நினைப்பவர் கேட்கவே மாட்டார். பதில் தெளிவாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல நூலகங்களைப் பயன்படுத்தலாம். சொந்தப் பழைய நிரலின் சிறு துண்டு என்றால், எது பழையது என்று ரீட்மீ கோப்பில் எழுதிவிட்டுப் பயன்படுத்தலாம், அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. முழுத் திட்டத்தையும் கொண்டுவந்து பெயரை மாற்றினால் போட்டியிலிருந்து நீக்கம். போட்டி தொடங்கிய பிறகு புதிய ரெப்போ திறக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதன் முகவரியைக் கொடுத்துவிட வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்போம் என்பதையும் அங்கேயே திரையில் காட்டிவிடுவது நல்லது. இந்தக் கட்டளை, நிரல் எந்த வரிசையில் எந்த நேரத்தில் வளர்ந்தது என்பதைப் பழையதிலிருந்து காட்டும்:

```
git log --reverse --date=iso --stat
```

நேர்மையாக எழுதிய அணியின் பட்டியலில் சின்னச் சின்ன மாற்றங்கள் நீளமாக வரும். இடையிடையே பிழைகள், அவற்றைத் திருத்திய அடையாளங்கள், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பதற்றம். கொண்டுவந்து ஒட்டிய அணியின் பட்டியலில் முதல் பதிவிலேயே நாலாயிரம் வரி இருக்கும். இதுவும் முழுச் சான்று ஆகாது. கணினியின் கடிகாரத்தை மாற்றாமலேயே கிட் பதிவின் தேதியை விருப்பம்போல் வைக்க முடியும் என்பது கொஞ்சம் தெரிந்த மாணவருக்குத் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் நடுவர் செய்ய வேண்டியது எளிது. ஒரு கோப்பைத் திறந்து, "இந்த வரி இல்லன்னா என்ன ஆகும்?" என்று அணியில் யாரையாவது கேட்பது. சொந்தமாக எழுதியவர் உடனே சொல்வார்.

வழிகாட்டிகளை அறிமுகப்படுத்தும்போது அவர்களுடைய பட்டமும் பதவியும் மாணவருக்கு உதவாது. "இவங்க பத்து வருஷமா ஐ.டி. துறையில இருக்காங்க" என்பதைக் கேட்டு என்ன செய்வது? "டேட்டாபேஸ்ல மாட்டிக்கிட்டா இவங்க. மூணாவது மேசை. இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பாங்க, அப்புறம் நாளைக்குக் காலையில ஏழுக்குத்தான்" என்றால் பயன் உண்டு. குடிநீர்த் தலைப்புக்கு மென்பொருள் ஆட்கள் மட்டும் போதாது. லாரி ஓட்டிய ஒருவரோ பேரூராட்சியில் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரோ இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால், பல அணிகளின் கற்பனை தரைக்கு வந்துவிடும். வழிகாட்டிகளுக்கும் இரண்டு விதிகளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். மாணவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது. தான் உதவிய அணிக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது.

இனி மதிப்பெண். "புதுமை, தொழில்நுட்பம், தாக்கம், விளக்கம் ஆகியவற்றின் அடிப்படையில் தீர்மானிக்கப்படும்" என்ற வழக்கமான வாக்கியம் எதையும் சொல்வதில்லை. எதற்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம்: பிரச்சினையைப் புரிந்துகொண்டதற்கு 25, நடுவர் முன் ஓடும் மாதிரிக்கு 35, புதுமைக்கு 15, பயன்படுத்துவோருக்கு எளிதாக இருப்பதற்கு 15, விளக்கிச் சொல்வதற்கு 10. ஒவ்வொன்றுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று போடுவார், அதைப் பிறகு எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் அணியின் ஸ்லைடுகள் அருமை, பேச்சு அருமை, ஆனால் செயலி ஓடவில்லை, படங்கள் மட்டுமே. மேலே சொன்ன வரிசையில் 8, 3, 8, 7, 9 வாங்குகிறது. இரண்டாம் அணி திக்கித் திணறிப் பேசினாலும், நடுவரின் போனிலிருந்தே மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி, அடுத்த நொடியில் குறுஞ்செய்தி வருவதைக் காட்டிவிடுகிறது. அதற்கு 7, 8, 5, 6, 5. ஐந்துக்கும் சம எடை கொடுத்தால் முதல் அணிக்கு நூற்றுக்கு 70, இரண்டாம் அணிக்கு 62. மேலே பிரித்த எடையைப் போட்டால் முதல் அணிக்கு 62, இரண்டாம் அணிக்கு 67. நடுவர்கள் போட்ட ஒரு மதிப்பெண்ணும் மாறவில்லை, வெற்றி பெறும் அணி மாறிவிட்டது. இந்த எடைப் பட்டியல் காலையிலேயே தெரிந்திருந்தால், முதல் அணி ஸ்லைடுக்குச் செலவிட்ட மூன்று மணி நேரத்தை நிரலுக்குத் திருப்பியிருக்கும். மாலையில் தெரிந்தால் அது வெறும் தண்டனை.

எத்தனை நடுவர்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் செய்துகாட்ட, இரண்டு நிமிடம் கேள்விக்கு, லேப்டாப்பை மாற்றி மாட்ட இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் 280 நிமிடம். ஒரே குழு கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கடைசி அணியை முதல் அணிபோல் கவனிக்காது. அதனால் நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் பத்து அணிகளை 70 நிமிடத்தில் முடித்துவிடும். இங்கே வேறொரு சிக்கல் முளைக்கிறது. ஒரு குழு தாராளமாக எட்டும் ஒன்பதும் போடும், இன்னொன்று ஆறுக்கு மேல் ஏறாது. நாற்பது அணிகளையும் மொத்த மதிப்பெண்ணில் வரிசைப்படுத்தினால், கறார் குழுவிடம் மாட்டிய நல்ல அணி அடிபடும். எளிய தீர்வு, ஒவ்வொரு குழுவும் தன் பத்தில் இரண்டு அணிகளைத் தேர்ந்து அனுப்ப, அந்த எட்டை எல்லா நடுவர்களும் சேர்ந்து மறுபடி பார்ப்பது. எம்.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் ஹேக்எம்ஐடியில் வேறு வழி கண்டார்கள். நடுவர் மதிப்பெண்ணே போடுவதில்லை, இப்போது பார்த்த அணி இதற்குமுன் பார்த்ததைவிட மேலா என்று மட்டும் சொல்கிறார். அந்த ஒப்பீடுகளிலிருந்து கணினி வரிசையைக் கணக்கிடுகிறது. பத்து, இருபது அணிகளுக்கு இது தேவைப்படாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அங்கே கொடுத்த பதில்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். நடுராத்திரி ஒரு அணிக்குத் தனியாகக் கொடுக்கும் சலுகை காலையில் ஊரறிந்த புகாராகிவிடும். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை தொடக்க நிகழ்ச்சி முடியும்வரை மதிப்பெண் எடை திரையில் வரவில்லை என்றால், லேப்டாப்பைத் திறப்பதற்குமுன் கை தூக்கிக் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் பட்டியல் இல்லை என்றால், அவரை அங்கேயே ஒன்று எழுதவைக்க அதுதான் சரியான நேரம்.